சுவர் குறைந்தது, சிமென்ட் ஏன் கூடியது?

வீடு பாதி எழும்பியிருக்கிறது. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் வரவேண்டிய சுவர் வேண்டாம், இரண்டும் ஒரே கூடமாக இருக்கட்டும் என்கிறார் உரிமையாளர். சுவர் போனால் செங்கல், மணல், சிமென்ட் எல்லாமே மிச்சம் என்பது அவர் கணக்கு. சில நாளில் சைட் இன்ஜினியரிடமிருந்து கடிதம் வருகிறது: சிமென்ட் 11 மூட்டை கூடுதலாக வேண்டும், மணல் மட்டும் கொஞ்சம் குறையும். இதைப் படிக்கும் எவருக்கும் முதலில் சந்தேகம்தான் வரும். சுவரை எடுத்த பிறகு சிமென்ட் எப்படிக் கூடும்? அப்படியே கூடினாலும் மணல் ஏன் குறைகிறது?

தமிழ்நாட்டில் சுவர்கள் மேலேயே தளத்தை ஏற்றிக் கட்டும் வீடுகளில் அடிக்கடி வரும் நிலைமை இது. நல்ல இன்ஜினியர் எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படித் தொடங்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் கேட்டபடி ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையிலான 9 அங்குலச் சுவர் நீக்கப்படுகிறது. அந்தச் சுவர் அறைகளைப் பிரிப்பதோடு மேல்தளத்தையும் தாங்க வேண்டியது. அது இல்லாததால் தளம் 14 அடி அகலத்தை இடையில் தாங்கல் இன்றிக் கடக்க வேண்டும். குறுக்கே பீம் தொங்க வேண்டாம் என்று தாங்கள் சொன்னதால், தளத்தின் கனத்தை 4½ அங்குலத்திலிருந்து 5½ அங்குலமாகக் கட்டமைப்புப் பொறியாளர் மாற்றியுள்ளார். மேல்மட்டம் ஒன்றாக இருக்க 900 சதுர அடிக்கும் இதே கனம். திருத்திய வரைபடம் இணைப்பில் உள்ளது.”

கேள்விக்கான பதில் இந்தப் பத்தியிலேயே இருக்கிறது. இனி மிச்சத்தையும் கூடுதலையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் மிச்சம். நீக்கிய சுவர், வாசல் போக சுமார் 120 சதுர அடி. 9 அங்குலம் என்பது முக்கால் அடி, எனவே 90 கன அடிக் கட்டுவேலை. செங்கல் கட்டில் சுமார் கால் பங்கு கலவை. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் கலவை சுருங்குவதால், உலர்ந்த நிலையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். அதாவது 30 கன அடி. ஒன்றுக்கு ஆறு கலவையில் இது சிமென்ட் 4.3 கன அடி, எம்-சாண்ட் 25.7 கன அடி. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. ஆகவே கட்டுவேலையில் மிச்சம் 3.4 மூட்டை. இரு பக்கப் பூச்சும் இல்லை என்பதால் ஒன்றுக்கு நான்கு கலவையில் இன்னொரு 2.4 மூட்டையும், பி-சாண்ட் 12 கன அடியும் மிஞ்சும். மொத்தம் 5.8 மூட்டை. இந்தச் சுவருக்கான அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டாகிவிட்டது, அதில் மிச்சம் ஏதுமில்லை.

இனி கூடுதல். தளத்தில் ஏறியது ஒரே ஒரு அங்குலம். ஆனால் அது 900 சதுர அடிக்கும் பரவுகிறது: 75 கன அடிக் கான்கிரீட். கான்கிரீட்டில் உலர்ந்த பொருள்களின் அளவு, போட்டு முடித்த அளவைப் போல 1.54 மடங்கு வேண்டும் என்பது சைட்டில் புழங்கும் கணக்கு. அதன்படி 115.5 கன அடி. எம் 20 கான்கிரீட்டை ஒன்று, ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில் கலந்தால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. எனவே சிமென்ட் 21 கன அடி, அதாவது 16.8 மூட்டை. எம்-சாண்ட் 31.5 கன அடி, ஜல்லி 63 கன அடி.

இரண்டையும் கழித்துப் பார்த்தால் சிமென்ட் 11 மூட்டை கூடுகிறது. எம்-சாண்ட் ஏறக்குறைய 6 கன அடி கூடுகிறது, பி-சாண்ட் 12 கன அடி குறைகிறது. இரண்டு மணலையும் சேர்த்தால் 6 கன அடி குறைவு. காரணம் விகிதத்தில் இருக்கிறது. சுவர்க் கலவையில் ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் போகிறது. கான்கிரீட்டில் அதே ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்குதான், மீதி இடத்தை ஜல்லி நிரப்புகிறது. வேலை சுவரிலிருந்து தளத்துக்கு மாறும்போது சிமென்டும் மணலும் ஒரே திசையில் நகர வேண்டியதில்லை. சிமென்ட் கூடினால் மணலும் அதே அளவில் கூட வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் இன்ஜினியர் மீது சந்தேகப்படுகிறார்கள்.

‘திருத்திய தேவை: சிமென்ட் இத்தனை மூட்டை’ என்று ஒற்றை வரியில் வரும் கடிதத்தை ஏற்க வேண்டாம். எந்த வேலையில் எவ்வளவு குறைந்தது, எந்த வேலையில் எவ்வளவு கூடியது, என்ன விகிதம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஏற்கெனவே எவ்வளவு இறங்கியது, எவ்வளவு செலவானது, கையிருப்பு எவ்வளவு என்பதும் வேண்டும். கணக்கில் சேராதவற்றையும் சொல்ல வேண்டும். இந்த உதாரணத்தில் பீம்கள், கம்பி, சேதாரம் மூன்றும் சேரவில்லை. தளம் கனக்கும்போது கம்பியின் அளவும் இடைவெளியும் மாறும். அதற்குத் தனிப் பட்டியல் கேளுங்கள். தளத்தின் பாரம் இப்போது மற்றச் சுவர்கள் மேல் போகிறது. அதையும் கட்டமைப்புப் பொறியாளர் சரிபார்த்தாரா என்பது எழுத்தில் இருக்கட்டும்.

மணலை யூனிட் கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட் 100 கன அடி. ஆனால் ஈர மணல் உப்பி நிற்கும், அதனால் அளவு ஏமாற்றும். ஒரு கண்ணாடி ஜாடியில் லாரியில் வந்த மணலை அழுத்தாமல் 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, படிய விடுங்கள். மணல் 16 செ.மீ.க்கு இறங்கினால் அது 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அன்று நீங்கள் வாங்கிய யூனிட்டில் உண்மையில் 80 கன அடி மணல்தான் இருந்தது. கடிதத்தில் உள்ள எண்கள் உலர் மணலுக்கானவை. ஈர மணல் வந்தால் அளவுப் பெட்டியிலும் அதற்கேற்பக் கூட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் கலவையின் விகிதம் மாறிவிடும்.

இந்தக் கடிதம் கான்கிரீட் நாளுக்கு முன்பே உங்கள் கைக்கு வந்து, ஒப்புதல் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். தாமதமானால் நடப்பது இதுதான்: சென்ட்ரிங் தயார், ஆட்கள் வந்தாயிற்று, பழைய கணக்கில் இறக்கிய சிமென்ட் மட்டும் இருக்கிறது. மேஸ்திரி இருப்பதை வைத்து ஓட்டப் பார்ப்பார். 4½ அங்குலத் தளத்துக்கு வேண்டியது சுமார் 76 மூட்டை, 5½ அங்குலத்துக்குச் சுமார் 93. அந்த 76 மூட்டையைக் கனமான தளம் முழுக்கப் பரப்பினால் கான்கிரீட்டின் வலு குறைந்துவிடும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் சைட்டிலேயே கலவை போடுகிறீர்கள் என்றால், வேலை முடிந்த மாலை தளத்துக்குப் பிரித்த காலி மூட்டைகளை எண்ணுங்கள். பீமுக்கு எத்தனை மூட்டை என்று முன்கூட்டியே கேட்டு அதையும் 93-உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தால், அன்றே இன்ஜினியரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.