மேடத்திடம் சொல்லியே விட்டேன்!

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுப்பில் குக்கர், இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் போன். "மூணு வரி மெயில் அனுப்பறதுக்குக்கூட மேடம் பார்த்து ஓ.கே. சொல்லணுமாம்! நான் என்ன எல்.கே.ஜி. பாப்பாவா? எப்பவுமே இப்படித்தான். நம்ம மேலே துளிக்கூட நம்பிக்கை கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் பார்க்கிறேன், அது நாங்கள் நாலு தோழிகள் புலம்பிக்கொள்ளும் குரூப் இல்லை. மேடமும் இருக்கிற ஆபீஸ் குரூப்!

குக்கர் விசில் அடித்ததுகூடக் காதில் விழவில்லை. அவசர அவசரமாக நீக்கினேன். செய்தி போய்விட்டது, ஆனால் 'நீக்கப்பட்டது' என்ற வரி எல்லோருக்கும் தெரியும்படி அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்குள் படித்தவர்கள் படித்ததுதானே? படம் பிடித்து வைத்துக்கொண்டால் யார் கேட்க முடியும்? அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரக்கு கொடுக்கும் வியாபாரிகளுக்கு பில், பாக்கி சம்பந்தமாக மெயில் எழுதுவது என் பொறுப்பு. குழந்தை பிறந்து ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பச் சேர்ந்தவள் என்பதால், யாராவது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

மறுநாள் பெரியம்மா பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா ஒரு தொழிற்சாலையில் இருபது வருஷமாகப் பணியாளர் பிரிவில் இருப்பவள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதுடி" என்றாள். எழுதினேன். பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். 'எல்.கே.ஜி. பாப்பா', அது கிண்டல், போச்சு. 'நம்பிக்கை கிடையாது', "அவங்க மனசுக்குள்ளே போய்ப் பார்த்தியா?" அதுவும் போச்சு. 'எப்பவுமே', "ஒரே ஒரு நாள் அப்படி இல்லைன்னு அவங்க காட்டிட்டா நீ தோத்துப் போயிடுவே." அதுவும் போச்சு. மிஞ்சியது ஒன்றுதான்: மூன்று வரி மெயிலுக்கும் ஒப்புதல் வேண்டியிருக்கிறது.

"இதுதான் நீ கண்ணால பார்த்தது. இதனால வேலைக்கு என்ன ஆச்சு? உன் மனசுக்கு என்ன ஆச்சுன்னு நான் கேக்கலை" என்றாள் அக்கா.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கோபம் இருந்தது, கணக்கு இல்லை!

அமெரிக்காவில் 'சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்' என்ற பயிற்சி நிறுவனம் இதையே மூன்று படியாகச் சொல்லித் தருகிறதாம். எந்தச் சமயம், அவர் என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்று அந்த வரிசையில் சொன்னால் போதும். அவர் எப்படிப்பட்டவர் என்ற பேச்சே வரக்கூடாது.

பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பத்து வேலை நாட்கள். மெயில் எப்போது ஒப்புதலுக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது, மேடம் எதைத் திருத்தினார், இவ்வளவுதான். மொத்தம் 31 மெயில்கள். அதில் 26 ஒரு எழுத்துகூட மாறாமல் வந்தன. 5 மெயில்களில் திருத்தம் இருந்தது. அந்த ஐந்தும் தொகையோ, பணம் தரும் தேதியோ எழுதிய மெயில்கள். ஒன்றில் 25-ம் தேதி என்பதற்கு நான் 15 என்று எழுதியிருந்தேன்! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இதைக் கணக்கெடுக்காமல் போய் சண்டை போட்டிருந்தால், மேடம் அந்த ஒன்றை எடுத்து நீட்டியிருப்பார், நான் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன்.

அடுத்தது, எப்போது பேசுவது? மாதக் கடைசியில் எங்கள் ஆபீஸில் மூச்சுவிட நேரம் இருக்காது. மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கு கொடுக்கிறவர்களுக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கெடு. அந்த நாட்களையும் விட்டுவிட்டு, 'மேடம், சப்ளையர் மெயில் விஷயமாக உங்களோடு 15 நிமிஷம் பேச வேண்டும். செவ்வாய், புதன், எது சௌகரியம்?' என்று மேடத்துக்கு மட்டும் தனியாக எழுதினேன். விஷயத்தைச் சொல்லாமல் 'உங்களோடு பேசணும்' என்று மட்டும் எழுதினால், இவள் வேலையை விடப் போகிறாளோ என்று அவருக்குத் திக்கென்று இருக்கும், பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன். உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், போன வியாழக்கிழமை ஒரு வியாபாரியிடம் பில் நகல் கேட்டு மெயில் எழுதி 11 மணிக்கு உங்களுக்கு அனுப்பினேன். நீங்க மீட்டிங்கில் இருந்ததால் 4 மணிக்குத்தான் ஓ.கே. வந்தது. அதற்குள் அவர் கடையை விட்டுக் கிளம்பிட்டார். அந்த பில் இந்த வாரத்துக்குத் தள்ளிப் போச்சு. ரெண்டு வாரத்தில் 31 மெயில் உங்ககிட்ட வந்திருக்கு. தொகை, தேதி எழுதின மெயிலில் என் தப்பை நீங்க பிடிச்சிருக்கீங்க, அது எனக்கு உதவிதான். மத்த மெயிலில் திருத்தம் இல்லை. மெயில் போறதில் உங்களுக்கு எது கவலைன்னு தெரிஞ்சா, அதுக்குத் தகுந்த மாதிரி செய்வேன்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இதுதான் கஷ்டம்! அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்று தொடங்கினால், சொன்னதெல்லாம் கரைந்துவிடும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நான் சேர்வதற்கு முன்னால், ஒருவர் கேட்காமலே ஒரு வியாபாரிக்கு இன்ன தேதியில் பணம் வரும் என்று மெயிலில் எழுதிவிட்டாராம். அந்தத் தேதியில் கம்பெனி கையில் பணம் இல்லை. பெரியவர்கள் முன்னால் நின்று பதில் சொன்னது மேடம்தான். "அதுலேர்ந்து எனக்குப் பயம்மா" என்றார். நம்பிக்கை இல்லை என்று நான் எழுதினேனே, அது என்னைப் பற்றியதே இல்லை!

கையோடு ஒரு யோசனையும் கொண்டு போயிருந்தேன். தொகை, தேதி இல்லாத மெயில் நேரே போகும், மேடத்துக்கு நகல் வரும். அவை இருக்கிற மெயில் முன்போலவே ஒப்புதலுக்குப் போகும். மூன்று வாரம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் பழையபடியே செய்யலாம் என்றேன். மேடம் இரண்டு வாரம்தான் என்றார். சரி என்றேன். பேசி முடிவானதை அன்றைக்கே நாலு வரியில் எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாவது வாரம் ஒரு மெயிலில் வியாபாரியின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் நானே போய்ச் சொன்னேன். ஏற்பாடு நிற்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் நால்வரில் ஒருத்தி தன் அதிகாரியிடம் போனாள். 'மணிக்கொரு தரம் எது வரைக்கும் வந்துச்சுன்னு உயிரை எடுக்கறார்' என்பது அவள் புலம்பல். '1 மணிக்கும் 5 மணிக்கும் நானே நிலவரம் அனுப்பட்டுமா சார்?' என்று அழகாக மாற்றி வைத்திருந்தாள். ஆனால் தைரியத்துக்காக, "நாங்க எல்லாருமே இப்படித்தான் நினைக்கிறோம் சார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள். "யார் யார்?" என்று அவர் கேட்டாரே பார்க்கணும்! அதோடு பேச்சு திசை மாறிவிட்டது. இன்னும் மணிக்கொரு தரம்தான்.

வேலைக்குப் புதுசாகச் சேர்ந்து பழகும் மாதங்களில் ஒவ்வொன்றையும் பார்க்கிற அதிகாரியிடம் இப்படிப் போகாதீர்கள். அது சொல்லிக் கொடுப்பது. எல்லோர் எதிரிலும் திட்டுவது, பெண் என்பதால் தொந்தரவு தருவது இதெல்லாமும் வேறு சமாசாரம். பாலியல் தொந்தரவு என்றால், 2013-ம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென்று புகார்க் குழு இருந்தாக வேண்டும். அங்கேதான் போகணும்.

எங்கள் மேடம் இப்போதும் சாயங்காலம் ஆறரைக்கு, நான் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது, "அந்த பில் என்னாச்சு?" என்று போன் பண்ணுகிறார். எத்தனை நாள், எதற்காக என்று குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை ஏழு நாள் ஆகிறது.