சாய்பலகையில் மூன்று அம்புகள்

லாரியில் சரக்கு ஏற்றச் சாய்த்து வைத்த பலகையில் 10 கிலோ மரப்பெட்டி ஒன்று நழுவாமல் நிற்கிறது. சாய்வு 30 டிகிரி. விசைப்படத்தில் பலகைக்கு இடமில்லை. பெட்டியை மட்டும் தனியே வரைய வேண்டும்.

அதன்மேல் மூன்றே அம்புகள். எடை நேர் கீழே, சுமார் 100 நியூட்டன். பலகை தாங்கும் விசை பலகைக்குச் செங்குத்தாக இருக்கும், நேர் மேலே அல்ல. பெட்டி கீழே சறுக்கப் பார்ப்பதால் உராய்வு பலகையை ஒட்டி மேல்நோக்கி.

எடையைப் பிரித்தால் பலகையின் போக்கில் 50, பலகையை அழுத்தும் திசையில் 87 நியூட்டன் கிடைக்கும். இவை எடையின் கூறுகள்தான். தனி அம்புகளாகச் சேர்த்தால் ஒரே விசையை இருமுறை எண்ணியதாகிவிடும், புள்ளிக்கோடு போதும்.

உராய்வு எவ்வளவு? மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7 என்றால், 87-ஐ அதனால் பெருக்கி 61 நியூட்டன் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் சும்மா நிற்கும் பெட்டி தானாக மேலே ஏற வேண்டுமே! 61 என்பது உச்சவரம்பு மட்டுமே. தடுக்க வேண்டியது 50. எனவே உராய்வும் 50தான்.

சாய்வு ஏறக்குறைய 35 டிகிரியைத் தாண்டும்போது அந்த வரம்பு உடைந்து பெட்டி நழுவும். அப்போதும் உராய்வின் அம்பு மேல்நோக்கியே இருக்கும். பெட்டியை யாராவது மேலே தள்ளிக்கொண்டு போனால்தான் அது கீழ்நோக்கித் திரும்பும். தள்ளும் விசைக்கு நான்காவது அம்பும் தேவைப்படும்.