90 நாள் நோட்டீஸ்: முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்

சென்னை ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள். ஆஃபர் வந்தபின் இதைச் சொன்னால் நம்பிக்கை கெடும். ஹெச்.ஆர். முதலில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்:

"மேடம், எனக்கு 90 நாள் நோட்டீஸ். மேனேஜர் சம்மதித்தால் பை-அவுட் உண்டு. 45 நாளில் விடச்சொல்லிக் கேட்கிறேன். அந்தத் தொகையை நீங்கள் தருவீர்களா?"

ராஜினாமா கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் மேனேஜரிடம் இதைப் பேச முடியும். அதனால் சேரும் தேதியை அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

நியமனக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 ரூபாய் என்றால் 45 நாளுக்கு 60,000. சில இடங்களில் மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்; அது 80,000 என்றால் கட்டவேண்டியது 1,20,000. புது நிறுவனம் தருவதாகச் சொன்னால், ராஜினாமாவுக்கு முன்பே ஆஃபர் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.