5 வயதுத் தங்கையும் 12 வயது அக்காவும் ஒரே பட்டறையில்: பல்லாங்குழியை எப்படி மாற்றி வைப்பது?

ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை நடத்துகிறீர்கள். 12 வயது அக்காவைக் கூப்பிட்டால் 8 வயதுத் தம்பியும் 5 வயதுத் தங்கையும் கூடவே வருவார்கள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகும் வீட்டில் வேறு வழி கிடையாது. "சின்னவளுக்கு இடமில்லை" என்று சொன்னால் மூன்று பேருமே வரமாட்டார்கள்.

தோட்டத்துக்கு இது புதிதும் அல்ல. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம். அப்படி வந்த சின்னப் பள்ளிகளில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ்தான் படித்தார்கள்.

சின்னவளுக்கு வண்ணம் தீட்ட ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, "நீ தங்கச்சியைப் பாத்துக்கோ" என்று பெரியவளிடம் சொல்லிவிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் சின்னவள் விளையாட்டுக்கு வெளியே நிற்கிறாள், பெரியவள் ஆயா ஆகிவிடுகிறாள். விளையாட்டை மாற்றாமல் குழிகளின் எண்ணிக்கையையும் நீங்கள் கேட்கும் கேள்வியையும் மட்டும் மாற்றினால் போதும்.

விதி ஒன்றுதான்

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வட்டங்கள் வரையுங்கள். ஒரு வட்டத்தில் உள்ள காய்களை அள்ளி, அடுத்தடுத்த வட்டங்களில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கடைசிக் காய் விழுந்ததும் அதற்கு அடுத்த வட்டத்தை அள்ளித் தொடர வேண்டும். அந்த வட்டம் காலியாக இருந்தால், அதற்கும் அடுத்த வட்டத்தில் உள்ள காய்கள் உங்களுக்கு. ஆட்டம் அதோடு நிற்கும். வீட்டுக்கு வீடு விதி மாறும் என்பதால், "எங்க பாட்டி இப்படி ஆடமாட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொல்வதற்குள் இன்றைய விதி இதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

தங்கை: 4 வட்டம்

வளையமாக 4 வட்டம், வட்டத்துக்கு 3 காய். ஒன்றை அள்ளிப் போட்டால் மற்ற மூன்றிலும் 4 ஆகும். அடுத்தது அவள் அள்ளிய காலி வட்டம்தான், ஆகவே அதற்கு அடுத்ததில் உள்ள 4 காயும் அவளுக்கு. ஒரே அள்ளலில் ஆட்டம் முடிந்துவிடும். இந்த வயதுக்கு அந்த நீளம் போதும்.

ஒரு வட்டத்தில் இரண்டைப் போட்டுவிடுவாள், அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவாள். திருத்த வேண்டாம். "எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். அவளே பார்த்துக்கொள்வாள். சுலபமாக வந்துவிட்டால் 6 வட்டமும் 5 காயும் கொடுங்கள்.

தம்பி: 14 வட்டம், கையில் காய்

பக்கத்துக்கு 7, வட்டத்துக்கு 5 காய், மொத்தம் 70. அள்ளுவதற்கு முன்பே கடைசிக் காய் எங்கே விழும் என்று அவன் விரலால் காட்ட வேண்டும். அவன் காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரு வட்டம் முன்னாலேயே நின்றுவிட்டால், அள்ளிய வட்டத்தையும் சேர்த்து எண்ணுகிறான் என்று அர்த்தம்.

அக்கா: அதே 14 வட்டம், கையில் பென்சில்

இவள் காயைத் தொடக்கூடாது. தம்பி ஆடும் அதே ஆட்டத்தைத் தாளில் 14 எண்களாக எழுதி, ஒவ்வொரு அள்ளலுக்கும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். கூட்டினால் எப்போதும் 70 வர வேண்டும். வராவிட்டால் எந்த வரியில் பிசகியது என்று அவளே தேடட்டும். முதல் ஆட்டம் 5 அள்ளலில் முடிந்து 7 காய் கிடைக்கும். எங்கே தொடங்கினாலும் இதே விடைதான், ஏனென்றால் தொடக்கத்தில் எல்லா வட்டமும் ஒன்றுபோல்.

இப்போது வட்டத்துக்கு 6 காய் வைக்கச் சொல்லுங்கள். காய் கூடியும் ஆட்டம் 2 அள்ளலிலேயே முடிந்துவிடும். ஏன்? இங்கே அவளைத் தங்கையின் 4 வட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அள்ளலிலும் காய்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய தூரம் நகர்கிறோம். தங்கைக்கு 3 கூட்டல் 1, அதாவது 4. உடனே தொடங்கிய இடம் வந்துவிடுகிறது. 6 கூட்டல் 1 என்றால் 7, இரண்டு ஏழு 14. ஆனால் 5 காயில் நகர்வது 6. 14இல் 6 சரியாக அடங்காததால் ஆட்டம் தொடங்கிய இடத்தைத் தாண்டிப் போய், காய் கூடிய வட்டங்களில் நுழைகிறது. அதனால்தான் நீளுகிறது. 14 வட்டத்தை ஒரே அள்ளலில் முடிக்க எத்தனை காய் வேண்டும்? 13 என்று அவளே சொன்னால் பிடித்துவிட்டாள்.

எந்தக் காய்?

ரப்பர் கொட்டை சின்னக் கைக்குப் பிடிக்க வாகானது. ஆனால் பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஓடு உடைந்ததை எடுத்துவிடுங்கள், வாயில் வைக்க விடாதீர்கள். வாயில் போடும் பழக்கம் இன்னும் போகாத பிள்ளைக்குப் பெரிய பாட்டில் மூடியே நல்லது.