படத்தில் போட்ட வட்டத்தை எழுத்தில் சொல்வது எப்படி?

2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்த மாதங்களில், என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சித்தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். பிரிண்ட் எடுக்க வழியில்லாத வீடுகள்தான் அதிகம். தாளிலோ ‘வட்டமிடுக’, ‘அடிக்கோடிடுக’, ‘டிக் செய்க’ என்றுதான் கேள்விகள். போன் திரையில் பென்சிலால் வட்டம் போட முடியுமா? அதனால் பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட, அம்மாவோ அப்பாவோ அதை எழுத்தாக்கி அனுப்பினார்கள். ஒரு நாள் இப்படி ஒரு செய்தி வந்தது:

1. ரெண்டாவது
2. 12, 14, 18
3. டிக்
4. மணி

முதல் கேள்வி, ‘நீரில் வாழும் உயிரியை வட்டமிடுக’ என்பது. நான்கு படங்கள். மேலே கோழியும் ஆடும், கீழே மீனும் பசுவும். நான் மேல்வரிசையில் இடமிருந்து எண்ணினேன், இரண்டாவது ஆடு. தவறு என்று குறித்துக்கொண்டு அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

“பாப்பா ஆட்டை வட்டம் போடச் சொல்லியிருக்காளேம்மா?”

“இல்லையே டீச்சர், மீனைத்தான் தொட்டுக் காட்டுனா. மேலேர்ந்து கீழ எண்ணுனா அதுதானே ரெண்டாவது?”

பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அம்மா எண்ணிய வழி வேறு, நான் எண்ணிய வழி வேறு. நடுவில் ஒரு மதிப்பெண் போக இருந்தது. அன்றிலிருந்து இதை ஒரு தனிப் பாடமாகவே பெற்றோர்களுக்குச் சொல்லித் தருகிறேன். உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், பார்வையில்லாத பிள்ளைக்கும், விடைக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கும் இது இன்றும் வேண்டியிருக்கிறது.

தாளில் போடும் ஒரு வட்டம் பேசாமலே மூன்று சேதி சொல்லிவிடுகிறது. எது விடை, எத்தனை விடை, எதிலிருந்து எதுவரை விடை. எழுத்தில் விடை தரும்போது இந்த மூன்றையும் நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

எது? பெயரைச் சொல்லுங்கள்

இடத்தை மட்டும் சொல்லும் விடை எளிதில் தடம் மாறிவிடும். வரிசையாக எண்ணினார்களா, மேலிருந்து கீழே எண்ணினார்களா என்பது ஒரு குழப்பம். ‘வலது பக்கம்’ என்றால் நமக்கு வலதா, படத்தில் நிற்கும் பையனுக்கு வலதா என்பது இன்னொன்று. போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்த சில படங்களில் இடமும் வலமுமே மாறி விழுந்திருக்கும். பெயருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மீன் எந்த மூலையில் இருந்தாலும் மீன்தான்.

ஆகவே பெயர் முதலில், இடம் அதற்குத் துணையாக: ‘மீன் – கீழ்வரிசையில் இடது பக்கப் படம்’. ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால், கேள்வி எந்த வேறுபாட்டைக் கேட்கிறதோ அதைச் சேர்க்க வேண்டும். ‘சிறிய பூனையை வட்டமிடுக’ என்றால் ‘பூனை’ என்பது விடையாகாது. ‘சிறிய பூனை’ என்பதும் கேள்வியைத் திருப்பிச் சொன்னதாகவே ஆகும். பிள்ளை எதைத் தொட்டாள் என்பது அதில் தெரியாது. ‘கதவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பூனை’ என்று எழுதினால்தான் தெரியும்.

எத்தனை? எண்ணிக்கையால் பூட்டுங்கள்

இரண்டாம் கேள்வி, 11 முதல் 20 வரை உள்ள எண்களில் இரட்டை எண்களை வட்டமிடச் சொன்னது. வந்த விடை 12, 14, 18. பிள்ளைக்குத் தெரியவில்லையா, அம்மா தட்டச்சு செய்யும்போது விட்டுவிட்டாரா? தாளில் வட்டம் போட்டிருந்தால் இந்தச் சந்தேகமே வராது. எழுத்தில் இதைத் தீர்க்க எளிய வழி, பட்டியலின் கடைசியில் மொத்தத்தைச் சொல்வதுதான்: ‘12, 14, 16, 18, 20 – மொத்தம் 5’. பட்டியலில் மூன்றும் மொத்தத்தில் ஐந்தும் இருந்தால், எழுதியவர் கை எங்கோ தவறியிருக்கிறது என்று பார்த்ததும் புரிந்துவிடும்.

எதை வட்டமிட்டாலும் சரியாகும் கேள்விகளும் உண்டு. 23 புளியங்கொட்டைகளைப் படமாகப் போட்டு, ‘பத்துப் பத்தாக வட்டமிடுக’ என்பார்கள். இங்கே எந்தக் கொட்டை எந்த வட்டத்துக்குள் போனது என்பது விடையில்லை. எத்தனை வட்டம், வெளியே எத்தனை மீதி என்பதுதான் விடை: ‘பத்துகள் கொண்ட 2 வட்டம், வெளியே 3 கொட்டை, ஆக 23’.

மூன்றாம் கேள்வி ஓர் அட்டவணை. காகம், தீக்கோழி, வௌவால், பென்குயின் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பறக்கும்’, ‘பறக்காது’ என்று இரண்டு கட்டங்கள். ‘டிக்’ என்ற ஒற்றைச் சொல்லில் இதற்கு விடையே இல்லை. ‘காகம், வௌவால்’ என்று மட்டும் எழுதினாலும், மற்ற இரண்டையும் பிள்ளை ‘பறக்காது’ என்று முடிவு செய்தாளா, பார்க்காமலே விட்டாளா என்று தெரியாது. அட்டவணையில் எத்தனை வரியோ விடையிலும் அத்தனை வரி வேண்டும்:

காகம் – பறக்கும்
தீக்கோழி – பறக்காது
வௌவால் – பறக்கும்
பென்குயின் – பறக்காது

டிக் குறியைத் தேடிப் பிடித்துப் போட வேண்டிய தேவையே இல்லை. கட்டத்தின் தலைப்பை எழுதினாலே டிக் போட்டதாகிவிடுகிறது.

எதுவரை? அடிக்கோடுதான் கடினம்

நான்காம் கேள்வியை நானே வேண்டுமென்று அமைத்திருந்தேன். ‘மணி பள்ளியில் மணி அடித்தான்’ என்ற வாக்கியத்தில் ஆளின் பெயரை அடிக்கோடிட வேண்டும். வந்த விடை ‘மணி’. எந்த மணி? தாளில் கோடு ஒன்றின் கீழேதான் விழும். எழுத்திலோ இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இதற்கு வாக்கியத்தை முழுதாக எழுதி, விடைச்சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுவதே நல்லது: ‘[மணி] பள்ளியில் மணி அடித்தான்’. கூடவே ‘முதலில் வரும் மணி’ என்றும் சேர்த்துவிட்டால் ஐயமே இல்லை.

ஏன் சதுர அடைப்பு? பலர் அடிக்கோடு என்று நினைத்து, சொல்லின் இரு பக்கமும் கீழ்க்கோட்டுக் குறியைத் தட்டுகிறார்கள்:

```
_மணி_ பள்ளியில் மணி அடித்தான்
```

வாட்ஸ்அப்பில் இந்தக் குறிக்கு வேறு பொருள். அனுப்பியதும் இரண்டு கோடுகளும் மறைந்து, எழுத்து சாய்வாகிவிடும். தமிழ் எழுத்தில் அந்தச் சாய்வு பல போன்களில் கண்ணுக்கே தெரிவதில்லை. அனுப்பியவர் அடிக்கோடு போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். வந்துசேர்வதோ எந்தக் குறியும் இல்லாத வெறும் வாக்கியம். நட்சத்திரக் குறி போட்டாலும் இதே கதைதான். குறி மறைந்து எழுத்து தடித்துவிடும். கணினியில் அடிக்கோடிட்டு, அதை நகலெடுத்து வெறும் செய்தியாக ஒட்டினாலும் கோடு காணாமல் போய்விடும். சதுர அடைப்பு எங்கே போனாலும் அப்படியே நிற்கிறது.

சொல்லின் ஒரு பகுதியை மட்டும் அடிக்கோடிடச் சொல்லும்போது தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று வருகிறது. ‘கண்ணனைப் பார்த்தேன்’ என்பதில் வேற்றுமை உருபை அடிக்கோடிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருபு ‘ஐ’. ஆனால் தாளில் ‘ஐ’ தனியாக இல்லை. ‘ன்’ என்ற மெய்யோடு கலந்து ‘னை’ ஆகிவிட்டது. பிள்ளை ‘னை’ என்ற எழுத்தின் கீழே கோடு போடுவாள், நாமும் சரி என்போம். அதையே எழுத்தில் ‘னை’ என்று அனுப்பினால், உருபு ‘ஐ’ என்பது அவளுக்குத் தெரியுமா என்று சொல்ல முடியாது. இணைக்கொம்பை மட்டும் அடைப்புக்குள் தட்டிப் பார்த்தாலோ, எழுத்தில்லாத கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான ஒரு வட்டம் வந்து நிற்கும். இங்கே குறிப்பதை விட்டுவிட்டுப் பிரித்து எழுத வேண்டும்: ‘கண்ணனை = கண்ணன் + ஐ; உருபு: ஐ’. கோடு சொல்வதைவிட இந்த வரி அதிகமாகவே சொல்கிறது.

பார்வையில்லாத பிள்ளைக்கு

கேட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும்போது அடைப்புக்குறியை மட்டும் நம்பக் கூடாது. திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், அதன் அமைப்பைப் பொறுத்து, அடைப்புக்குறிகளை வாசிக்காமலே தாண்டிவிடும். ‘அடிக்கோடிட வேண்டிய சொல்: முதலில் வரும் மணி’ என்ற வாக்கியம்தான் அவர்கள் காதுக்குப் போய்ச் சேரும்.

கேள்வியையும் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வுத் தாள்களில், படத்தையோ வரைபடத்தையோ சார்ந்த கேள்விக்குப் பதிலாகப் பார்வைக் குறைபாடுள்ளோருக்கென்று தனிக் கேள்வி அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நம் வகுப்பிலும் அப்படிச் செய்யலாம். ‘வரைபடத்தில் காவிரியைக் குறிக்க’ என்பதை, ‘காவிரி எங்கே பிறந்து, எந்த ஊர்கள் வழியாக ஓடி, எங்கே கடலில் கலக்கிறது?’ என்று கேட்கலாம். தலைக்காவிரியில் பிறந்து, ஒகேனக்கல், மேட்டூர், ஈரோடு, திருச்சி வழியாக வந்து பூம்புகாரில் கலக்கிறது என்று அந்தப் பிள்ளை எழுதினால், வரைபடத்தில் கோடு இழுத்த பிள்ளைக்குச் சமமாக விடை தந்தவள்தான்.

எழுத்தில் தர முடியாத விடைகளும் இருக்கின்றன. புள்ளிகளை இணைத்து ‘அ’ எழுதுவதும், கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டுவதும் கைக்கு வைக்கும் தேர்வு. அவற்றுக்கு எழுத்தில் மாற்று தேடாமல், பிள்ளை சிலேட்டிலோ நோட்டிலோ செய்ததைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதுதான் முறை.

மற்றபடி, எழுதிய விடை போதுமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. கேள்வித்தாளைப் பார்க்காத ஒருவரிடம், வட்டமும் கோடும் போடாத தாளையும் நீங்கள் எழுதிய விடையையும் கொடுங்கள். அதைப் படித்து அவரையே வட்டமும் கோடும் போடச் சொல்லுங்கள். அந்த அம்மா மறுவாரம் அப்படித்தான் செய்தாராம். தன் மாமியாரிடம் போனில் தாளைக் காட்டி, விடையை வாசித்து, “அத்தே, இதுல எதைச் சொல்றேன்னு தொட்டுக் காட்டுங்க” என்றிருக்கிறார். பாட்டியின் விரலும் பேத்தியின் விரலும் ஒரே படத்தில் போய் நின்ற பிறகுதான் எனக்கு அனுப்பினார். அந்த வாரம் அவருக்கு நான் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை.