சிக்னல் போச்சா, போன் போச்சா?

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். ஒரு நாள் காலை கணக்கு பார்க்கும் அக்காவின் போனில் சிக்னல் இல்லை. வங்கியிலிருந்து ஓடிபி வரவேண்டிய நேரம். பக்கத்து மேசைத் தம்பியும் அதே கம்பெனி சிம்தான் வைத்திருந்தான். அவன் போனில் வாட்ஸப் ஓடியது. "அப்ப உங்க போன்தான் கோளாறு அக்கா" என்று முடிவு கட்டி, அவரைக் கடைக்கு அனுப்பினோம். இரண்டு மணி நேரம் வீணாயிற்று. டவர்தான் படுத்திருந்தது. தம்பியின் போன் அதுவரை ஓடியது அலுவலக வைஃபையில்.

அன்று சுவரில் ஒட்டிய அறிவிப்பின் முதல் வரி: "முதலில் வைஃபையை அணையுங்கள்." வைஃபை இருந்தால் வாட்ஸப் ஓடும். சில போன்களில் சாதாரண அழைப்பும் அதன் வழியே போகும். அதை அணைத்தால்தான் டவர் நிலவரம் தெரியும்.

அடுத்து, அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனை எடுத்து, இரண்டோடும் வாசலுக்கு வாருங்கள். உள்ளறையின் கான்கிரீட் சுவரே சிக்னலைத் தடுக்கலாம். வெளியிலும் இரண்டும் செத்துக் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் டவரில்தான். வேறு கம்பெனி போனில் சிக்னல் இருக்கிறதே என்று குழம்பவேண்டாம். ஒரே டவரில் பல கம்பெனிகள் சாதனம் வைப்பதால், சில சமயம் எல்லாமே சேர்ந்தும் போகும். நீண்ட மின்வெட்டில் டவரின் பேட்டரி தீர்ந்தால் அப்படி ஆகும். அப்போது போனை நோண்டாமல் காத்திருப்பதே வழி.

ஒன்று மட்டும் செத்திருந்தால் ஏரோப்ளேன் மோடைப் போட்டு, பத்து விநாடி விட்டு எடுங்கள். போன் டவரைப் புதிதாகத் தேடும். அதற்கும் மசியாவிட்டால், ரீசார்ஜ் தீரவில்லையா என்று பார்த்துவிட்டு, அந்த சிம்மைக் கழற்றி நன்றாக ஓடும் போனில் போடுங்கள். அங்கே வேலை செய்தால் பழுது பழைய போனில். அங்கேயும் செத்திருந்தால் பழுது சிம்மில், அல்லது கம்பெனியில் உள்ள உங்கள் கணக்கில். முதலாவதுக்குப் பழுது பார்க்கும் கடை, இரண்டாவதுக்குக் கம்பெனியின் சேவை மையம்.

"Emergency calls only" என்று திரையில் வந்தால் போன் முழுவதும் செத்துவிடவில்லை. ஏதோ ஒரு டவர் அதற்குக் கேட்கிறது, ஆனால் உங்கள் கம்பெனி அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவசரத்துக்கு 112 அழைக்கலாம்.

இ-சிம்மைக் கழற்ற முடியாது என்பதால் அந்தப் போனுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. சாதாரண சிம் என்றால் சோதித்த கையோடு பழைய போனிலேயே போட்டுவிடுங்கள். பணம் அனுப்பும் யுபிஐ செயலிகள் சிம்மையும் போனையும் சேர்த்தே அடையாளம் காண்கின்றன. சிம் இடம் மாறினால் மறுபடி பதிவு செய்யச் சொல்லும்.