பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை

டி அண்ட் சி முடிந்ததும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வெளியே வரும். அதில் என்ன திரவம் ஊற்றியிருக்கிறார்கள் என்று குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை. கேட்கிற மனநிலையிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள். பல இடங்களில் பழக்கத்தின் பேரில் அதில் ஃபார்மலின்தான் இருக்கும். ஃபார்மலின் திசுவை அழுகவிடாது, ஆனால் அதிலுள்ள செல்களைக் கொன்றுவிடும். செல் உயிரோடு இருந்தால்தான் அதை வளர்த்துக் குரோமோசோம்களை எண்ண முடியும். கரு ஏன் கலைந்தது என்று சொல்லக்கூடிய முதல் சாட்சி இப்படித்தான் பல நேரங்களில் தொலைந்துபோகிறது. திசுவைக் கிருமி நீக்கிய சலைனில் போட்டு அன்றே லேபுக்கு அனுப்பியிருந்தால் போதும்.

தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எப்படியும் கலைகின்றன. ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் அந்தக் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிசகு. அது அந்த ஒரு கருவோடு முடிந்துவிடும் தற்செயல். திரும்பத் திரும்பக் கலையும்போதுதான் விசாரணை தேவை. எத்தனை முறைக்குப் பிறகு என்பதில் மருத்துவ உலகம் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய வழிகாட்டுதல் இரண்டு போதும் என்கிறது, பிரிட்டனில் மூன்று என்கிறார்கள். நம் ஊரில் இரண்டாவது முறையிலேயே டாக்டர்கள் பரிசோதனை எழுதிவிடுகிறார்கள். எழுதுவதில் தவறில்லை. எதை, எப்போது, எப்படி எடுப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஒரு தம்பதியை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். யாரையும் குறிப்பிடவில்லை, இப்படிப்பட்ட ஃபைல்கள் அடிக்கடி வரும் என்பதால் ஒன்றாகக் கோத்திருக்கிறேன். அவருக்கு 29 வயது, கணவருக்கு 33. முதல் கர்ப்பம் ஏழு வாரத்தில், ஹார்ட் பீட் வராமலே போனது. இரண்டாவது ஒன்பது வாரத்தில். மூன்றாவது கர்ப்பத்தில் 12 வார ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது, கை கால் அசைந்தது. அடுத்த வாரம் துடிப்பு இல்லை.

ஃபைல் கனமாக இருக்கிறது. மேலே டார்ச் டெஸ்ட் ரிப்போர்ட். ருபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், சைட்டோமெகலோ ஐஜிஜி பாசிட்டிவ் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இதைப் பார்த்து இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள். ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்றின் தடம், அல்லது போட்ட தடுப்பூசியின் பலன். நம்மில் பெரும்பாலோருக்கு இது பாசிட்டிவாகத்தான் இருக்கும். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கான விசாரணையில் டார்ச் டெஸ்டுக்கு இடமே இல்லை, ஆனால் ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் முதலில் நிற்பது அதுதான்.

அடுத்த தாள் மூன்றாவது முறை எடுத்த திசுவின் பயாப்சி ரிப்போர்ட். கர்ப்பத் திசு இருக்கிறது என்று ஒரே வரி. நமக்குத் தெரியாததா அது! ஃபார்மலினில் போனதால் அதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது தாளில்தான் கதை சிக்கலாகிறது. ஆன்டிகார்டியோலிபின் ஐஜிஎம் 18, பாசிட்டிவ். அதன் கீழே ஒரு டாக்டர் ‘ஏபிஎஸ்’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். ஆன்டிபாஸ்போலிபிட் சின்ட்ரோம் என்பதன் சுருக்கம் அது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உடலின் சில புரதங்களுக்கு எதிராகவே ஆன்டிபாடி உண்டாக்கும் நோய். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதை விவரித்தார். இந்த ஆன்டிபாடிகள் ரத்தக்குழாயில் கட்டி உண்டாக்கும். நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர்விடும் வேலையையும் ஆரம்பத்திலேயே கெடுக்கும். பத்து வாரம் தாண்டி, உருவத்தில் குறையில்லாத குழந்தை இறப்பது இதன் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. ஆகவே அந்த டாக்டரின் சந்தேகம் நியாயம்தான். சந்தேகத்தை உறுதிசெய்த விதம்தான் சரியில்லை.

ஏனென்றால், கார்டியோலிபின் ஆன்டிபாடி ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு கூடச் சில வாரம் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். இந்தப் பெண்ணுக்கும் ரத்தம் எடுப்பதற்கு முந்தைய வாரம் காய்ச்சல். அளவும் குறைவு; பொதுவாக 40 யூனிட்டுக்கு மேல் இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் மட்டும் ஏபிஎஸ் என்று சொல்லக்கூடாது. குறைந்தது 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்து, அப்போதும் பாசிட்டிவ் என்றால்தான் நோய். இது சர்வதேச விதி. மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னால் அடுத்த கர்ப்பம் தள்ளிப்போகுமே என்று குடும்பம் பதறும். அதனால் இந்த விதியை மீறுவதே வாடிக்கையாகிவிட்டது.

இவருக்கு மீண்டும் எடுத்தார்கள், கார்டியோலிபின் நெகட்டிவ். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஆன்டிபாடியான பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீனும் நெகட்டிவ். இங்கேயே பலர் ஃபைலை மூடிவிடுவார்கள். ஆனால் ஏபிஎஸ்ஸுக்கு மூன்று டெஸ்ட் உண்டு. மூன்றாவதான லூப்பஸ் ஆன்டிகோஆகுலன்ட் இவருடைய பேக்கேஜில் சேர்க்கப்படவே இல்லை. கர்ப்ப இழப்போடு மிக நெருங்கிய தொடர்புள்ளது அதுதான் என்பது வேடிக்கை.

விட்டுப்போனதற்குக் காரணம், அது எளிதில் செய்யக்கூடிய டெஸ்ட் இல்லை. நீல மூடி டியூபில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் இரண்டு முறை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, தட்டணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்க வேண்டும். தட்டணு மிச்சமிருந்தால் அதன் கொழுப்பு ஆன்டிபாடியை உறிஞ்சிக்கொண்டு, நோய் இருந்தும் நெகட்டிவ் என்று காட்டிவிடும். அப்படிச் சுத்தம் செய்த பிளாஸ்மாவில் கண்ணாடி விரியன் பாம்பின் விஷத்தைச் சொட்டு விடுகிறார்கள். ஆமாம், நம் வயல் வரப்பில் இருக்கும் அதே விரியன்தான். அதன் விஷம் ரத்தம் உறையும் சங்கிலியில் பாதியைத் தாண்டி, பத்தாவது காரணியை நேரடியாகத் தூண்டிவிடும். அதற்குப் பிறகு உறைவதற்குப் பாஸ்போலிபிட் என்ற கொழுப்பு தேவை. ஆன்டிபாடி அந்தக் கொழுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் உறையும் நேரம் நீளும். பிறகு அந்தக் கொழுப்பை நிறையச் சேர்த்து மீண்டும் பார்ப்பார்கள். நேரம் குறைந்து சரியானால், தாமதத்துக்கு ஆன்டிபாடிதான் காரணம் என்று தெரியும். இரண்டு நேரங்களின் விகிதம் பெரும்பாலான லேப்களில் 1.2 தாண்டினால் பாசிட்டிவ். டியூபில் உறைவதைத் தாமதிக்கும் அதே ஆன்டிபாடி உடம்புக்குள் ரத்தத்தை உறையவைக்கிறது என்பது இந்த நோயின் விசித்திரம்.

இவருக்கு விகிதம் 1.6 வந்தது. 12 வாரம் கழித்து 1.5. இப்போது அது ஏபிஎஸ்தான். வட்டம் போட்ட டாக்டரின் முடிவு சரியாகவே இருந்திருக்கிறது, ஆனால் தவறான ரிப்போர்ட்டை வைத்து. இதற்கிடையில் ஹெப்பாரின் ஊசி ஆரம்பித்திருந்தால் இந்த டெஸ்டே குழம்பிப்போயிருக்கும். ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான்.

இதோடு கணவன் மனைவி இருவருக்கும் கேரியோடைப் எழுதியிருந்தார்கள். திசு ரிப்போர்ட் கிடைத்து, அதில் குரோமோசோம் சாதாரணமாக இருந்தால் பெற்றோருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே திசு கைவிட்டுப் போனதால் எழுதியது நியாயம். ‘இவளுக்குத்தானே டெஸ்ட், அவனுக்கு எதற்கு’ என்று மாமியார் கேட்பது வழக்கம். குரோமோசோமில் இடமாற்றம் இருவரில் யாருக்கும் இருக்கலாம். திரும்பத் திரும்ப இழக்கும் நூறு தம்பதிகளில் மூன்று நான்கு பேரிடம் இது காணப்படும்.

இரண்டு தொகுதிகளாக வந்த புத்தகத்தில் பைண்டர் முதல் தொகுதியின் கடைசிப் பக்கங்களையும் இரண்டாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களையும் மாற்றிக் கட்டிவிட்டதைப் போன்றது இந்த இடமாற்றம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்வரை ஒரு வரியும் குறையாது. அதனால் அந்த ஆளுக்கு எந்த நோயும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஒரு தொகுதி மட்டும் போனால் சில பக்கங்கள் இரட்டிப்பாகும், சில இல்லாமலே போகும். அத்தகைய கரு பெரும்பாலும் கலைந்துவிடும். ரிப்போர்ட்டில் அது 46,XX,t(11;22)(q23;q11.2) என்பதுபோல, t என்ற எழுத்தோடு வரும்.

டெஸ்டுக்கு ரத்தத்தின் வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றி, வழக்கமாக இருபது செல்களை எண்ணுவார்கள். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். மனைவிக்கு 46,XX. கணவருக்கு 46,XY,inv(9)(p12q13). ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழ் என்று அர்த்தம். கூகுளில் தேடிய அந்தக் கணவர் மூன்று நாள் தூங்கவில்லை. இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மக்களில் பலருக்கு இயல்பாக இருக்கும் வேறுபாடு இது; கரு கலைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைக் காட்டி ஐவிஎஃப்புக்கு அனுப்பியவர்கள் உண்டு.

உண்மையான இடமாற்றமே இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. நெதர்லாந்தில் தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், இடமாற்றம் உள்ளவர்களில் 83 சதவீதத்தினரும் இல்லாதவர்களில் 84 சதவீதத்தினரும் ஆரோக்கியமான ஒரு குழந்தையையாவது பெற்றிருந்தார்கள். கருவைச் சோதித்துப் பொருத்தும் ஐவிஎஃப் ஒரு வழிதான், கட்டாயம் இல்லை. 21ஆம் குரோமோசோம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் அரிதான நிலை மட்டும் வேறு. அங்கே இயல்பான கரு உருவாகவே முடியாது. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற கேள்விக்கு, கேரியோடைப்பில் அது தெரியாது என்பதே பதில்.

இந்தப் பெண்ணின் அடுத்த கர்ப்பத்துக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், கர்ப்பம் உறுதியானதும் தினமும் வயிற்றுத் தோலில் எனாக்ஸாபரின் 40 மில்லிகிராம் ஊசி. லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் எடுத்த 45 பேரில் 19 பேருக்குக் குழந்தை பிறந்தது; ஹெப்பாரினும் சேர்த்து எடுத்த 45 பேரில் 32 பேருக்கு. சிறிய ஆய்வுதான், ஆனாலும் சிகிச்சை இன்றும் அதையொட்டியே இருக்கிறது. ஏபிஎஸ் இல்லாதவர்களுக்கு இதே ஊசி பயன்படுவதில்லை. பரம்பரையாக ரத்தம் உறையும் தன்மை உள்ள பெண்களிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ‘எதற்கும் போட்டுவைப்போம்’ என்று எல்லோருக்கும் எழுதுவதை நான் ஏற்கவில்லை.

ஊசி ஆரம்பித்தாலும் கவலை முழுவதும் தீராது. ஏபிஎஸ் உள்ளவர்களுக்குப் பின் மாதங்களில் பிரஷர் ஏறலாம், குழந்தையின் எடை நின்றுபோகலாம் என்பதால் வளர்ச்சி ஸ்கேன் அடிக்கடி தேவை. பிரசவத்துக்கு முன் ஊசியை நிறுத்தி, முதுகில் மயக்க ஊசி போடக் குறைந்தது 12 மணி நேர இடைவெளி விடுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ஊசியைத் தொடரச் சொல்வதுண்டு, கட்டி உண்டாகும் ஆபத்து அப்போதுதான் அதிகம். பின்னர் கருத்தடைக்கு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இவர்களுக்குக் கூடாது, காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கும்போதும் வேறு டாக்டரிடம் போகும்போதும் ஏபிஎஸ் இருப்பதை அவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு லூப்பஸ் ரிப்போர்ட்டுகளும் ஃபைலின் மேலே இருக்கட்டும். டார்ச் ரிப்போர்ட்டை எடுத்துவிடலாம்.